வேலையில் செய்யாத வேலைக்கு ஒரு சான்று

கணக்குப் பிரிவில் ஏழெட்டு வருடம் வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனி. பில், ஸ்டாக், டீலர் பாக்கி எல்லாம் அவர் கையில்தான். எக்செல்லில் VLOOKUP, பிவட் டேபிள் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இப்போது டேட்டா அனலிஸ்ட் வேலைக்குப் போக நினைக்கிறார். விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் எஸ்.கியூ.எல். கேட்கிறார்கள். அவர் அதைப் படித்துவிட்டார், ஒரு கோர்ஸ் முடித்த சான்றிதழும் இருக்கிறது. ஆனால் பார்த்த வேலையில் எங்கும் அதைத் தொட்டதில்லை. ரெஸ்யூமேவில் 'எஸ்.கியூ.எல். தெரியும்' என்று எழுதினால், படிப்பவர் நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இந்த இடைவெளியை ஒரு சிறிய ப்ராஜெக்ட் அடைக்கும். ஆனால் பலரும் செய்வதுபோல டைட்டானிக் பயணிகள் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடைக்காது. அந்தத் தரவை வைத்து ஆயிரக்கணக்கானோர் எழுதிய விடைகள் இணையத்தில் கிடக்கின்றன. இன்டர்வியூ எடுப்பவரால் நீங்கள் செய்தீர்களா, பார்த்து எழுதினீர்களா என்று சொல்ல முடியாது. பழைய கம்பெனியின் டீலர் கணக்கை எடுத்துக்கொள்வதும் கூடாது. அது அவர்களுடைய சொத்து. அதைக் கொண்டுவந்து காட்டுபவரைப் பார்த்து, நாளை நம் தரவையும் இப்படித்தான் எடுத்துப் போவார் என்றுதான் புதிய முதலாளி நினைப்பார்.

எனவே பொதுவில் கிடைக்கும் தரவு வேண்டும். அதிலும் நமக்கு விவரம் தெரிந்த விஷயமாக இருந்தால் நல்லது. சென்னையின் ஏரிகள் இதற்கு மிகப் பொருத்தம். நீர்மட்டத்தைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. 2004 முதலான தினசரி அளவுகளைத் தொகுத்த சி.எஸ்.வி. கோப்பு காகிள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேதிக்கு ஒரு பத்தி, பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளுக்கும் தலா ஒரு பத்தி. அளவுகள் மில்லியன் கன அடியில்.

கேள்வி ஒன்றே ஒன்று போதும்: ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1 அன்று, நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவில் எத்தனை சதவீதம் நீர் மிச்சம் இருந்தது? சென்னை ஏரிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் நிறைபவை. கோடையில் கையிருப்பு எவ்வளவு என்பதை ஜூன் தொடக்கம் காட்டிவிடும். கேள்வி இவ்வளவு குறுகலாக இருப்பதில்தான் லாபம். 'சென்னை நீர்வளம் ஓர் ஆய்வு' என்று தொடங்கினால் பாதியில் நிற்கும், பார்ப்பவருக்கும் எதைச் சோதிப்பது என்று தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. விளம்பரங்களை வரிசையாகப் படித்தால், அனலிஸ்ட் வேலையில் திரும்பத் திரும்ப வருவது இரண்டு அட்டவணைகளைச் சேர்ப்பதும், தொகுத்துக் கூட்டுவதும்தான். இந்தக் கேள்விக்கு விடை காண இரண்டுமே வேண்டும். ஒரு அட்டவணையில் தினசரி அளவு, இன்னொன்றில் ஏரியின் கொள்ளளவு. கொள்ளளவை நாமே தட்டச்சு செய்யலாம்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, செங்குன்றம் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. மொத்தம் 11,257 மில்லியன் கன அடி, அதாவது 11 டி.எம்.சி.க்குச் சற்று மேல். எஸ்.கியூ.லைட் என்ற இலவச மென்பொருள் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். வேறு செலவு கிடையாது.

முதல் கண்ணி தேதியில் இருக்கிறது. கோப்பில் தேதி நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையில் வரும். எக்செல்காரர் பழக்கதோஷத்தில் முதலில் எக்செல்லில்தான் திறப்பார். கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால், 06-01-2019 என்பதை, அதாவது ஜனவரி 6-ஐ, அது ஜூன் 1 என்று எடுத்துக்கொள்ளும். 13-06-2019 வரும்போது பதின்மூன்றாம் மாதம் கிடையாதே என்று அதை வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். பத்தியை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தால் அடையாளம் தெரியும்: சில தேதிகள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், சில இடப்பக்கம். வலப்பக்கம் இருப்பவை நாளும் மாதமும் இடம் மாறியவை. அதைச் சேமித்துவிட்டால் மழை முடிந்த ஜனவரியின் அளவு ஜூன் மாதக் கணக்கில் ஏறி உட்காரும். கோடையிலும் ஏரி செழிப்பாக இருந்ததாக விடை வரும். பிழைச் செய்தி எதுவும் வராது.

எஸ்.கியூ.லைட்டிலும் அந்தத் தேதியை அப்படியே வைக்க முடியாது. அது தேதியை எழுத்துகளாகவே, இடமிருந்து வலமாக ஒப்பிடுகிறது. அதனால் 2004 டிசம்பர் 31, 2019 ஜனவரி 1-க்குப் பிறகு வந்து நிற்கும். ஆண்டு முன்னால் வருமாறு மாற்றி எழுதினால் சரியாகிவிடும்:

```sql
substr(Date,7,4) || '-' || substr(Date,4,2)
  || '-' || substr(Date,1,2)
```

அடுத்து, நான்கு பத்திகளாகக் கிடக்கும் ஏரிகளை UNION ALL கொண்டு ஒரே பத்தியாக அடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு வரிசை இருந்த இடத்தில் ஒரு நாளுக்கு நான்கு வரிசை, ஏரிக்கு ஒன்று. இதை `levels` என்றும், கொள்ளளவு அட்டவணையை `lakes` என்றும் வைத்துக்கொண்டால் கேள்விக்கான வரிகள் இவ்வளவுதான்:

```sql
SELECT l.d,
  ROUND(100.0*SUM(l.level)/SUM(k.capacity),1) AS pct
FROM levels l
JOIN lakes k ON k.name = l.lake
WHERE substr(l.d,6) = '06-01'
GROUP BY l.d
ORDER BY l.d;
```

இரண்டாவது கண்ணி இங்கே இருக்கிறது, இது முதலாவதைவிட நயவஞ்சகமானது. செங்குன்றம் ஏரி கோப்பில் REDHILLS என்று இருக்கிறது. நம் செய்தித்தாள்களில் அதே ஏரி புழல். கொள்ளளவுப் பட்டியலைத் தட்டச்சு செய்தவர் அங்கே PUZHAL என்று எழுதியிருந்தாலோ, RED HILLS என்று நடுவில் இடம் விட்டிருந்தாலோ, JOIN அந்த ஏரியைச் சத்தமில்லாமல் உதறிவிடும். மேலே கூட்டலிலும் புழல் இல்லை, கீழே கொள்ளளவிலும் புழல் இல்லை. ஆகவே வருகிற சதவீதம் பார்வைக்கு நியாயமாகவே இருக்கும். மூன்று ஏரியின் கணக்கை நான்கு ஏரியின் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

இதைப் பிடிக்க எளிய வழி, ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை வரிசை வந்தது என்று எண்ணுவது:

```sql
SELECT l.d, COUNT(*) FROM levels l
JOIN lakes k ON k.name = l.lake
GROUP BY l.d HAVING COUNT(*) <> 4;
```

ஒரு வரியும் வராவிட்டால் எல்லா ஏரியும் சேர்ந்திருக்கின்றன. வரிசையாகத் தேதிகள் கொட்டினால் பெயர் எங்கோ ஒட்டவில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு இது புதிதல்ல, பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் அதே பழக்கம்தான்.

வந்த விடையை வெளியுலகத்தோடும் ஒத்துப்பார்க்க வேண்டும். 2019 கோடையில் சென்னை எப்படித் தவித்தது என்பது நமக்குத் தெரியும். அந்த ஜூன் மாதத்தில் ஏரிகளில் இருந்தது மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. எனவே 2019 ஜூன் வரிசையில் ஏதாவது பெரிய எண் நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தேதியை. அதேபோல் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏறக்குறைய நிறைந்திருந்தது. அந்த நாட்களின் எண்ணையும் தனியாக எடுத்துப் பார்த்துவிடலாம்.

என் கருத்தில், இந்த ப்ராஜெக்டின் உயிர் இந்தச் சோதனைகளில்தான் இருக்கிறது. வண்ணப்படம் யார் வேண்டுமானாலும் போடலாம். பத்து வரி எஸ்.கியூ.எல். புத்தகத்தைப் பார்த்தும் எழுதலாம். எங்கே தப்பு வரும், வந்தால் எப்படித் தெரியும் என்று எழுதிவைத்திருப்பவர் உட்கார்ந்து செய்தவர். ஆகவே கிட்ஹப்பில் கோப்புகளை ஏற்றும்போது `README.md` என்ற விளக்கக் கோப்புக்கு நேரம் ஒதுக்குங்கள். கேள்வி என்ன, விடை என்ன, தேதியை ஏன் மாற்றினேன், பெயர்களை எப்படிச் சரிபார்த்தேன். அரைப் பக்கம் போதும். படிப்பவர் ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும்.

அதிலேயே இன்னொரு பத்தியும் வேண்டும்: இந்த எண் எதைச் சொல்லவில்லை என்பது. நான்கு ஏரிகள் மட்டும் சென்னையின் குடிநீர் அல்ல. வீராணத்திலிருந்து குழாயில் நீர் வருகிறது. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் தொடங்கின. ஏரி வறண்டது என்பதாலேயே குழாயில் அதே அளவு நீர் குறைந்தது என்று முடிவு கட்டக் கூடாது. தரவின் எல்லையைத் தானே சொல்லிவிடும் ஆளைத்தான் அறிக்கை எழுதும் பொறுப்புக்குத் தேடுகிறார்கள்.

ரெஸ்யூமேவில் இதை அனுபவம் என்ற தலைப்பின்கீழ் நுழைக்காதீர்கள். 'ப்ராஜெக்ட்' என்று தனியாகத் தலைப்பிட்டு, 'சென்னையின் நான்கு ஏரிகளின் தினசரி நீர்மட்டத்தை எஸ்.கியூ.லைட்டில் ஏற்றி, தேதிகளைச் சீராக்கி, கோடைக் கையிருப்பை ஆண்டுவாரியாகக் கணக்கிட்டது' என்று ஒரு வரி, கீழே இணைப்பு. இது எதைக் காட்டாது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலர் ஒரே சமயத்தில் எழுதும் பெரிய தரவுத்தளத்தில் வேலை செய்த பழக்கத்தையோ, வேறொருவர் ஆவணமே இல்லாமல் விட்டுப்போன இருநூறு அட்டவணைகளுக்குள் வழி கண்டுபிடிக்கும் திறமையையோ இது காட்டாது. அதைக் கேட்டால் 'செய்ததில்லை' என்பதே பதில்.

இன்டர்வியூவில் பெரும்பாலும் வருவது வேறு மாதிரிக் கேள்வி: 'இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தால்?' உதாரணமாக, 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது, கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. அதையும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். `lakes` அட்டவணையில் ஒரு வரி, `levels`-இல் அதன் அளவுகள் என்று நிறுத்தினால், எண்ணிச் சரிபார்க்கும் வரி உடனே கூச்சலிடும்; புதிய ஏரி உள்ள நாட்களில் ஐந்து வரும், அது எதிர்பார்ப்பது நான்கு. அதனால் `lakes` அட்டவணையில் ஏரி பயன்பாட்டுக்கு வந்த தேதியையும் ஒரு பத்தியாக வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் அன்றுவரை திறந்திருந்த ஏரிகள் எத்தனையோ அத்தனை வரிசை வருகிறதா என்று சோதனையை மாற்ற வேண்டும். இந்த வரிகளைத் தானே எழுதிச் சோதித்தவருக்கு, வெள்ளைப்பலகையில் இதை எழுதிக் காட்ட இரண்டு நிமிடம் ஆகும்.