பால் பாக்கெட் ஏன் நீலம்?

விடியற்காலையில் சென்னையின் ஏதாவது ஒரு ஆவின் பூத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும். "ரெண்டு நீலம், ஒரு ஆரஞ்சு", "அண்ணே, ஒரு பச்சை குடுங்க" என்றுதான் கேட்பார்கள். பால் என்று சொல்பவர்கள் குறைவு. நைஸ், கிரீன் மேஜிக், பிரீமியம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் பெயர்களைச் சொல்பவர்கள் அதைவிடக் குறைவு. கடைக்காரரும் டப்பில் கையை விட்டு, எழுத்தைப் படிக்காமலேயே சரியான பாக்கெட்டை எடுத்துத் தருவார். அங்கே நிறம்தான் பெயர்.

நாடு முழுவதும் பால் கடைகளைப் பார்த்தால் அதிகம் கண்ணில் படுவது நீலமும் வெள்ளையும். ஆவினின் சாதாரணப் பால், கர்நாடகத்தின் நந்தினி, கேரளத்தின் மில்மா, குஜராத்தின் அமுல் தாசா என எல்லாவற்றிலும் சமன்படுத்திய பால் நீல அச்சில்தான் வருகிறது. இவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்ததாக யாரும் சொல்வதில்லை. பிறகு எப்படி எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்?

முதல் காரணம் பாக்கெட்டிலேயே இருக்கிறது. பால் கவர் என்பது சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள பாலித்தீன் படலம். அதில் வெள்ளை நிறமி கலந்து ஒளி புகாதபடி செய்கிறார்கள். வெளிச்சம் பட்டால் பாலிலுள்ள ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் சிதையும், சுவையும் கெடும். ஆக, வெள்ளைப் பின்னணி தானாகவே கிடைத்துவிடுகிறது. அதன்மேல் எழுத்து தெளிவாகத் தெரிய அடர்த்தியான ஒரு நிறம் வேண்டும். தினமும் லட்சக்கணக்கில் அச்சிட்டு, அன்றே கிழித்து எறியப்படும் கவரில் ஒவ்வொரு கூடுதல் நிறமும் கூடுதல் செலவு. ஒரே மையில் வேலையை முடிக்க நீலம் வசதியானது.

கறுப்பும் சிவப்பும்கூட வெள்ளையில் தெளிவாகத் தெரியும் என்று கேட்கலாம். இங்கே இரண்டாவது காரணம் வருகிறது. மற்ற நிறங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே ஒரு சுவை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இளஞ்சிவப்பு என்றால் ரோஸ்மில்க். மஞ்சள் என்றால் பாதாம் பால், அல்லது நெய். பழுப்பு என்றால் சாக்லேட், காபி. நீல நிறத்தில் சாப்பிடும் பொருள் நம் சமையலறையில் அநேகமாக எதுவும் இல்லை. அதனால் நீலம் எந்தச் சுவையையும் நினைவூட்டாது. தண்ணீர், குளிர்ச்சி, சுத்தம் ஆகியவற்றைத்தான் நினைவூட்டும். சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் பொருளை விற்பவர்கள் வாங்குபவரின் மனதில் பதிக்க விரும்புவதும் குளிர்ச்சியையும் சுத்தத்தையும்தான்.

மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றையும்விட வலுவானது. முன்னால் வந்தவர் நீலத்தில் விற்றார், மக்கள் நீலத்தைப் பால் என்று பழகிக்கொண்டார்கள், பின்னால் வந்தவர் அந்தப் பழக்கத்தின்மீது ஏறிக்கொண்டார். புதிய நிறுவனத்துக்குப் பால் எது என்று சொல்லிக்கொடுக்க விளம்பரச் செலவு தேவையில்லை. கண் பார்த்ததுமே கை நீளும்.

இதில் இயற்கையின் பங்கு ஏதாவது உண்டா என்றால், இருப்பது நேர் எதிரானது. கொழுப்பு எடுத்த பாலைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தால் லேசான நீலச் சாயல் தெரியும். பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்தின் நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதே காரணம். கொழுப்புத் துளிகள் நிறைய இருந்தால் அவை எல்லா நிறத்தையும் சேர்த்துச் சிதறடித்து அந்தச் சாயலை மறைத்துவிடும். பசும்பாலாக இருந்தால் கரோட்டினால் இளமஞ்சளும் சேரும். தண்ணீர் கலந்த பாலை "நீலம் பாரிச்சிருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய பாட்டிமார்கள் இதைக் கண்ணாலேயே கண்டுபிடித்தவர்கள். பாலின் நீலம் நீர்த்த பாலுக்கு அடையாளம். பாக்கெட்டின் நீலமோ நம்பிக்கைக்கு அடையாளமாகிவிட்டது. பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நாடு மாறினால் பொருளும் மாறுகிறது. பிரிட்டனில் நீல மூடி போட்டது முழுக் கொழுப்புப் பால், பச்சை மூடி பாதி கொழுப்பு எடுத்தது, சிவப்பு மூடி கொழுப்பு நீக்கியது. அமெரிக்காவில் பல இடங்களில் முழுப் பாலுக்குச் சிவப்பும், இரண்டு சதவீதக் கொழுப்புப் பாலுக்கு நீலமும் வழக்கம். சென்னையில் நீலம் வாங்கிப் பழகியவர் லண்டனில் அதே நினைப்பில் நீல மூடியை எடுத்தால், வீட்டுக்குப் போவது அங்கே கிடைப்பதிலேயே கொழுப்பு அதிகமான வழக்கமான பால்.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீலமும் வெள்ளையும் சேர்ந்து "இது பால்" என்று சொல்வது ஒன்று. நீலம், பச்சை, ஆரஞ்சு எனப் பிரிந்து "இது இந்த வகைப் பால்" என்று சொல்வது இன்னொன்று. முதலாவது வெறும் வழக்கம். இரண்டாவது ஏறக்குறைய ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தின் உள்ளடக்கம் எண்களில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறை கொழுப்புப் பாலில் 6 சதவீதமாவது இருக்க வேண்டும். கொழுப்பல்லாத திடப்பொருளுக்கும் தனி அளவு உண்டு. ஆவினில் இவை முறையே நீலம், பச்சை, ஆரஞ்சு. டீ கெட்டியாக வேண்டும் என்பவர், தயிர் தோய்ப்பவர், கைக்குழந்தை உள்ள வீட்டுக்காரர் யாரும் இந்த எண்களை மனப்பாடம் செய்வதில்லை. நிறத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, எண்ணை நிறுவனத்தின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள்.

2023-இல் ஆவின் 3.5 சதவீதக் கொழுப்புள்ள 'டிலைட்' பாலை ஊதா நிற பாக்கெட்டில் கொண்டுவந்து, பச்சைக்குப் பதில் அதை வைக்க முனைந்தபோது எழுந்த எதிர்ப்பை இந்தக் கோணத்தில் பார்த்தால் புரியும். கொழுப்பு குறைவது உடலுக்கு நல்லது என்று ஒரு பக்கம் சொன்னார்கள். கொழுப்பு குறைகிறது, விலை குறையவில்லையே என்று மறுபக்கம் கேட்டார்கள். அரை லிட்டர் பாலின் எடை ஏறத்தாழ 515 கிராம். அதில் 4.5 சதவீதம் என்றால் 23 கிராம் கொழுப்பு, 3.5 சதவீதம் என்றால் 18 கிராம். பாக்கெட்டுக்கு ஐந்து கிராம் வித்தியாசம். அந்த ஐந்து கிராம் பற்றி அவ்வளவு பேர் பேசியதற்கு ஒரு காரணம், அது புதிய நிறத்தில் வந்ததுதான். பச்சை பாக்கெட்டுக்குள்ளேயே ஓசையில்லாமல் குறைத்திருந்தால் மக்களுக்குத் தெரியவே நாளாகியிருக்கும். அந்த வகையில், கொழுப்பு மாறினால் நிறமும் மாற வேண்டும் என்ற நியதியைக் கடைப்பிடித்தது சரியான செயல்தான்.

வழக்கத்தை மீறி வென்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எதை மீறினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று உற்றுப் பார்க்க வேண்டும்.

ஸ்வீடனின் 'ஓட்லி' ஓட்ஸிலிருந்து பால் போன்ற பானம் தயாரிக்கும் நிறுவனம். லுண்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து 1990-களில் பிறந்தது. பல ஆண்டுகள் ஆரோக்கிய உணவு வரிசையில் சத்தமில்லாமல் கிடந்தது. 2012-இல் டோனி பீட்டர்சன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஜான் ஸ்கூல்கிராஃப்ட் என்ற விளம்பரக்காரரைச் சேர்த்துக்கொண்டு பெட்டியின் தோற்றத்தை அடியோடு மாற்றினார். பால் வழியும் தம்ளர், பசுமையான வயல் என்ற வழக்கமான படங்கள் போயின. கையால் எழுதியது போன்ற கோணல்மாணலான பெரிய எழுத்துகள் வந்தன. பெட்டியின் பக்கவாட்டில் நண்பருக்கு எழுதும் கடிதம்போல நீண்ட பத்திகள் வந்தன. பசும்பாலைச் சீண்டும் வாசகங்களுக்காக ஸ்வீடனின் பால் துறை அமைப்பு 2014-இல் வழக்குப் போட்டு, ஓட்லி தோற்றது. அந்த வழக்கே அதை ஊரறியச் செய்துவிட்டது.

இவ்வளவையும் உடைத்த ஓட்லி, பெட்டியின் வடிவத்தை மட்டும் உடைக்கவில்லை. அது பால் பெட்டியாகவே இருந்தது. காபியில் ஊற்றலாம், தானியத்தில் ஊற்றலாம் என்று அந்த வடிவமே சொல்லிவிட்டது.

அதற்கும் முன்னால், 1996-இல் அமெரிக்காவில் ஸ்டீவ் டெமோஸ் என்பவர் 'சில்க்' என்ற சோயா பாலை இதற்கு நேர்மாறான வழியில் விற்றார். சோயா பாலைக் குளிர்ப்பெட்டி இல்லாமலே அலமாரியில் வைத்து விற்க முடியும், அதுவரை பலரும் அப்படித்தான் விற்றார்கள். அவரோ பசும்பாலுக்குரிய கூம்புமுனை அட்டைப்பெட்டியில் ஊற்றி, பசும்பாலுக்குப் பக்கத்திலேயே குளிர்ப்பெட்டியில் வைத்தார். சோயா பாலின் வழக்கத்தை விட்டுவிட்டு, பசும்பாலின் வழக்கத்தைக் கடன் வாங்கினார். அமெரிக்கச் சமையலறைகளுக்குள் சோயா பால் நுழைந்த கதை இதுதான்.

தோற்றவர்களில் மிகவும் பேசப்படுவது 'டிராபிகானா' ஆரஞ்சுச் சாறு. அதன் பெட்டியில் ஆரஞ்சுப் பழத்தில் நேராக உறிஞ்சுகுழல் செருகிய படம் இருக்கும். 2009 ஜனவரியில் உரிமையாளரான பெப்சிகோ அந்தப் படத்தை எடுத்துவிட்டு, சாறு நிரம்பிய கண்ணாடித் தம்ளரைப் போட்டது. பெயரையும் செங்குத்தாகத் திருப்பியது. பார்க்க நவீனமாகத்தான் இருந்தது. ஆனால் சாறு நிரம்பிய தம்ளர் எந்தக் கடையின் சொந்தச் சரக்கிலும் இருக்கும் பொதுப் படம். வழக்கமாக வாங்கியவர்களால் அலமாரியில் தங்கள் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிப்ரவரி பிற்பகுதிக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது. அதே மாதத்தில் பழைய பெட்டிக்குத் திரும்புவதாக நிறுவனம் அறிவித்தது. இதை "புதுமை செய்து கெட்ட கதை" என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது தன் சொந்த அடையாளத்தைத் துறந்து, எல்லோருக்கும் பொதுவான வழக்கத்துக்குள் போய்க் கரைந்த கதை.

இப்போது பிரிட்டனில் இன்னொரு மாற்றம் நடக்கிறது. நிற மூடிகள் மறுசுழற்சியில் கலந்து வெள்ளைப் பிளாஸ்டிக்கைச் சாயமேற்றிவிடுகின்றன, அதனால் அதை மறுபடி பால் புட்டியாக்குவது சிரமம். எனவே சில கடைகளும் பால் நிறுவனங்களும் நிறமில்லாத மூடிக்கு மாறுகின்றன. ஆனால் புட்டியின் லேபிளில் நீலம், பச்சை, சிவப்பு அப்படியே இருக்கின்றன. எது ஒப்பந்தம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் வாங்குபவர் செய்யக்கூடிய ஒன்று உண்டு. வேறு நிறுவனத்தின் பாலுக்கு மாறும்போதோ, வெளியூரில் பால் வாங்கும்போதோ, பழகிய நிறத்தை நம்பாமல் பாக்கெட்டில் கொழுப்பு, எஸ்.என்.எஃப். என்று அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். நிறம் ஊருக்கு ஊர் மாறும். இந்திய விதியில் சமன்படுத்திய பால் எங்கே வாங்கினாலும் 3 மற்றும் 8.5-தான்.