‘முடிந்தது’ என்றால் ‘நடந்தது’ என்று அர்த்தமில்லை

ரஞ்சன்குடியில் எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவே ஒரு வெங்காயப் பட்டறை இருக்கிறது. பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு அறுவடைக்குப் பிறகு ஒரே கேள்விதான்: இப்போதே விற்பதா, பட்டறையில் போட்டுவிட்டுக் காத்திருப்பதா? அதற்கு உதவியாக இருக்கட்டுமே என்று கூகுள் ஷீட்டில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். தினமும் காலை ஆறிலிருந்து ஏழுக்குள் அது தானாக ஓடும். ஒரு விலைத் தளத்திலிருந்து ஐந்து சந்தைகளின் விலையை எடுத்து, ஐந்து வரிகளாக எழுதி, சராசரியும் போடும். சித்தப்பா அந்தச் சராசரியை மட்டும்தான் பார்ப்பார்.

ஒரு நாள் சராசரி கிலோவுக்கு 39 ரூபாயிலிருந்து 41.75 ஆனது. “ஏறுது போலிருக்கே, இன்னும் கொஞ்சம் பொறுப்போம்” என்றார். ஐந்து வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. விலை ஏறவே இல்லை. அந்தத் தளத்தில் ஒரு சந்தையின் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். என் ஸ்கிரிப்ட் பழைய பெயரைத் தேடிவிட்டு, கிடைக்காததால் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. விலைகள் 28, 38, 41, 43, 45. விடுபட்டது அந்த 28. அது போனதும் மீதி நான்கின் சராசரி தானாக உயர்ந்துவிட்டது. பட்டறையில் அடி மூட்டைகள் முளைவிட ஆரம்பித்திருந்தன. சித்தப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஸ்கிரிப்டின் ஓட்டப் பதிவைத் திறந்து பார்த்தேன். ஐந்து வாரமும், ஒவ்வொரு நாளும், `Completed`. பொய் இல்லை. வேலை பிழை எழாமல் முடிந்தது என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. செய்ய வேண்டியதைச் செய்ததா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வைக்க வேண்டியது எழுதியவன் பொறுப்பு.

அதனால் ஷீட்டில் `log` என்று தனிப் பக்கம் வைத்து, ஒவ்வொரு ஓட்டமும் கடைசியில் ஒரு வரி எழுதும்படி செய்தேன்.

```javascript
function dailyRun() {
  const start = Date.now();
  const rows = fetchPrices(); // எழுதிய வரிகளின் எண்ணிக்கை
  SpreadsheetApp.getActive().getSheetByName('log')
    .appendRow([new Date(), rows, (Date.now() - start) / 1000]);
}
```

நேரம், எத்தனை வரி எழுதியது, எத்தனை நொடி ஆனது. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்து இதைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

முதலில், ஏழு வரி இருக்கிறதா? ஸ்கிரிப்ட் நடுவில் விழுந்தால் இந்தப் பதிவே எழுதப்படாது. ஆகவே இல்லாத வரிதான் இங்கே செய்தி. இரண்டாவது, எழுதியவற்றின் கூட்டல் 35 வருகிறதா? அந்தத் தளம் விடுமுறையிலும் முந்தைய விலையைக் காட்டுவதால் என் கணக்கில் தினமும் ஐந்துதான். இந்தப் பழக்கம் முன்பே இருந்திருந்தால், ஐந்து வாரம் கழித்துத் தெரிந்தது முதல் ஞாயிறே 28 என்று கண்ணில் பட்டிருக்கும்.

மூன்றாவது, நேரம். இதுதான் மெதுவாகச் சாகிற வகை. பதிவு தொடங்கிய முதல் மூன்று வாரங்களில் ஏழு நாள் நேரங்களின் நடு மதிப்பு 276, 283, 290 நொடி. தினசரிப் பார்த்தால் இது தெரியாது. ஒரு நாள் 270, மறுநாள் 295 என்று ஆடும். வாரத்தின் நடு மதிப்பை எடுத்தால் ஆட்டம் அடங்கிப் போக்கு மட்டும் தெரியும். வாரத்துக்கு ஏழு நொடி. கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஓர் ஓட்டத்துக்குத் தரும் எல்லை ஆறு நிமிடம், அதாவது 360 நொடி. மீதி 70. பத்து வாரத்தில் ஒரு நாள் பாதியில் நின்றுவிடும். அந்த நிறுத்தத்தை `try…catch` போட்டும் பிடிக்க முடியாது.

காரணம் என் சோம்பேறித்தனம். ஒரே விலை இரண்டு முறை பதிவாகக்கூடாது என்று பழைய வரிகளைச் சரிபார்க்கிறேன். அதை `getValue()` போட்டு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். வாரம் 35 வரி கூடக் கூட, படிக்கிற நேரமும் கூடியது. `getValues()` போட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கியதும் பத்து நொடிக்குள் வந்துவிட்டது.

“பிழை வந்தால் மின்னஞ்சல் வருமே, எதற்கு இந்த வேலை?” என்று கேட்கலாம். கிட்லேபில் நடந்ததைப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். காப்புப் பிரதியைத் தேடினால் அந்த இடம் காலி. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6-இல் ஓட, காப்பெடுக்கும் `pg_dump` 9.2-ஆக இருந்ததால் ஒவ்வொரு முறையும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் கிளம்பியிருக்கின்றன. ஆனால் அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் விதியில் சிக்கி அவை போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. தோல்வி வந்து கதவைத் தட்டும் என்று காத்திருந்தால், தட்டுகிற கையும் உடைந்திருக்கலாம். நாமே போய்ப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

கடைசியாக, யாருக்கும் வேண்டாத வேலைகள். உறவினர் ஆறு பேருக்கு வாரச் சுருக்கத்தைப் பிடிஎஃப் ஆக அனுப்பும் இன்னொரு ஸ்கிரிப்டும் வைத்திருந்தேன். பதிவில் எந்தக் குறையும் இல்லை, வாரம் தவறாமல் ஓடியது. யாராவது படிக்கிறார்களா என்பது மட்டும் எந்தப் பதிவிலும் வராது. டிரிகரை எடுத்துவிட்டு, எடுத்த தேதியைக் குறித்து வைத்தேன். நான்கு வாரம். ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்கிரிப்டை நீக்கினேன். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் வேலைக்கு இந்தச் சோதனை செல்லாது. அதற்கு அந்தப் பருவம் ஒன்று கடக்கும்வரை பொறுக்க வேண்டும்.

கிடந்துவிட்டுப் போகட்டுமே என்று விடுவதிலும் ஆபத்து உண்டு. நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் 2003-லேயே பயன்படுத்துவதை நிறுத்திய ஒரு நிரல் பகுதியை நீக்காமல் வைத்திருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறாததால், அந்தப் பழையது உயிர்பெற்று 45 நிமிடம் ஆர்டர்களைக் கொட்டியது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அன்று சந்தை திறக்கும் முன்பே அவர்களுடைய கணினி, அந்தப் பழைய நிரலின் பெயரைச் சொல்லியே ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. யாரும் அவற்றைப் பார்த்துச் செயல்படவில்லை.

இப்போது சித்தப்பா பார்க்கும் ஷீட்டில் சராசரிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் இருக்கிறது: ‘5-க்கு 5’. அது நான்கு என்று காட்டினால், விலையைப் பார்க்காமல் முதலில் என்னைக் கூப்பிடுவார். போன மாதம் ஒருமுறை கூப்பிட்டார். அது சரிதான்.