மேலே கருகல், நடுவே மாவு

வாழைப்பழ ரொட்டி என்று பெயர் இருந்தாலும் அது கேக்தான். ஈஸ்ட் கிடையாது, சோடா உப்புதான் உப்ப வைக்கிறது. கலப்பது சுலபம். சிக்கலெல்லாம் அவனில்தான்.

9 அங்குல நீளமுள்ள ரொட்டி டின்னில், மூன்று கனிந்த பழம், 200 கிராம் மைதா, இரண்டு முட்டை, 150 கிராம் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், ஒரு டீஸ்பூன் சோடா உப்பு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்த மாவை ஊற்றியிருக்கிறீர்கள். மாவு ஆழமாக நிற்கிறது. பழத்தில் நீரும் அதிகம். வெப்பம் நடுவரை போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகலாம். மேல்பரப்போ அதற்கு வெகுமுன்பே பழத்தின் சர்க்கரையால் சிவந்துவிடும். அதனால் சூடு 175 டிகிரி செல்சியஸ் போதும். 200-இல் வைத்தால் சீக்கிரம் வேகும் என்று நினைக்காதீர்கள், மேலே கருகும், உள்ளே மாவாகவே இருக்கும். ஃபேன் ஓடும் அவனாக இருந்தால் 160. ஓ.டி.ஜி.யில் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. சின்ன அவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வைப்பது நல்லது.

முதல் 35 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். நடுப்பகுதி இறுகுமுன் சூடு இறங்கினால் கேக் அமுங்கிவிடும். அதன் பிறகு கண்ணாடி வழியே பாருங்கள். மேலே நல்ல பழுப்பு வந்தும் நடுப்பகுதி இன்னும் ஆடினால், அலுமினிய ஃபாயிலை நடுவில் மடித்து, கூரைபோல் டின்னின் மேல் தளர்வாகக் கவிழ்க்க வேண்டும். இறுக்கி மூடினால் ஆவி அடைபட்டு மேல்தோல் ஈரமாகிவிடும். பளபளப்பான பக்கம் உள்ளேயா வெளியேயா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓ.டி.ஜி.யில் ஃபாயில் மேல் ராடைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

55-ஆவது நிமிடத்தில் குத்திப் பார்க்கலாம். பல்குத்தும் குச்சி இந்த ஆழத்துக்கு எட்டாது. சுத்தமான ஈர்க்குச்சியோ நீளமான மெல்லிய கம்பியோ வேண்டும். மேலே வெடித்திருக்கும் பிளவின் நடுவில் அடிவரை இறக்கி எடுங்கள். ஒன்றிரண்டு ஈரத் துகள் ஒட்டியிருந்தால் வெந்துவிட்டது. பளபளவென்று மாவு வழிந்தால் இன்னும் எட்டு நிமிடம், ஃபாயிலோடு. சில நேரம் குச்சி ஒரு பழத்துண்டில் இறங்கிப் பிசுபிசுப்பாக வரும். அதை நம்பி வேகவிட்டுக்கொண்டே போனால் ஓரம் காய்ந்துபோகும். ஒரு விரலகலம் தள்ளி இன்னொரு முறை குத்துங்கள். உணவு தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது: நடுவில் 95 டிகிரியைத் தாண்டினால் எடுத்துவிடலாம்.

டின்னிலேயே பத்து நிமிடம் விட்டுப் பிறகு கம்பித்தட்டுக்கு மாற்றுங்கள். சூட்டோடு வெட்டினால் நன்றாக வெந்த கேக்கும் பிசினாகத் தெரியும், வேகவில்லையோ என்று வீணாகக் கவலைப்படுவீர்கள்.