திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?

"நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு பணிமுறை மாற்றியமைக்கப்படுகிறது. அனைவரும் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." மில் நோட்டீஸ் போர்டில் இப்படி ஒரு தாள் ஒட்டினால், அதைப் படித்தவர் நேரே மேஸ்திரியிடம் போய்க் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, திங்கட்கிழமை நான் எத்தனை மணிக்கு வரணும்?" அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத நோட்டீஸை எத்தனை பணிவாக எழுதினாலும் மரியாதையாகாது.

மூன்று ஷிப்ட் ஓடும் ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். பகல் 6 முதல் 2, அரை நைட் 2 முதல் 10, முழு நைட் 10 முதல் காலை 6. ஞாயிறு காலை 6 மணிக்கு மில் நின்று, திங்கள் காலை 6 மணிக்கு மறுபடி ஓடும். வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும். இதுவரை முழு நைட் பார்த்தவர் அடுத்த வாரம் அரை நைட், அதற்கடுத்து பகல் என்று பின்னோக்கிச் சுழன்றார்கள். இனி பகல், அரை நைட், முழு நைட் என்று முன்னோக்கிச் சுழலப் போகிறார்கள்.

இதற்கு நியாயமான காரணம் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு உடம்பின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுகிறது. அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னால் இழுப்பது சிரமம். வழக்கமாக 11 மணிக்குப் படுப்பவர் 1 மணி வரை விழித்திருந்துவிடுவார். 9 மணிக்கே தூங்கச் சொன்னால் புரண்டுகொண்டுதான் கிடப்பார். இதை நாலு வரியில் எழுதினால் யாருக்கும் புரியும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான்.

மீதிப் பாதிக்கு வார லீவைக் கணக்குப் போட வேண்டும். பழைய முறையில் சனி பகல் 2 மணிக்கு வெளியே போகிறவர் திங்கள் இரவு 10 மணிக்கு வந்தால் போதும்; 56 மணி நேர ஓய்வு. மற்ற இரண்டு பிரிவுக்கும் 32 மணி நேரம். புதிய முறையில் பகல் முடித்தவர்களுக்கும் அரை நைட் முடித்தவர்களுக்கும் 48 மணி நேரம் கிடைக்கிறது. முழு நைட் முடித்தவர்களோ ஞாயிறு காலை 6 மணிக்குப் போய், திங்கள் காலை 6 மணிக்கே மெஷின் முன்னால் நிற்க வேண்டும். ஆறு இரவு விழித்தவருக்கு ஒரே ஒரு நாள். நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் இருப்பவருக்கு, ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம்தான் வார விடுமுறை என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்திருந்தது. அந்தக் கோட்டை மயிரிழையில் தொட்டு நிற்கிறது இந்த ஏற்பாடு. மூன்று பிரிவையும் கூட்டினால் அப்போதும் 120 மணி, இப்போதும் 120 மணி. "எல்லோருக்கும் ஓய்வு கூடும்" என்று எவராவது பேசினால், முதல் மாதச் சுற்று முடிவதற்குள் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆகவே இந்த 24 மணி நேரத்தை நிர்வாகமே முதலில் சொல்லிவிடுவது நல்லது. பரிகாரத்தையும் கூடவே சொல்ல வேண்டும். ஒரு வழி, நைட் வாரத்தை ஐந்து இரவாக்குவது. வெள்ளி இரவு வந்தவர் சனி காலை 6 மணிக்குப் போனால், அவருக்கும் 48 மணி நேரம் கிடைக்கும். அப்படியானால் சனி இரவு மெஷின் நிற்குமா, பதிலி ஆள் வருவாரா, அந்த ஆறாவது நாளுக்குச் சம்பளம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை மழுப்பினால் மற்றதெல்லாம் காற்றோடு போச்சு.

நோட்டீஸில் நாளையும் நேரத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். "ஞாயிறு நைட்" என்றால் ஒருவர் சனி இரவு வந்து ஞாயிறு விடிய முடிப்பதை நினைப்பார், இன்னொருவர் ஞாயிறு இரவையே நினைப்பார். அதனால் இப்படி எழுதலாம்: "சனி இரவு 10 மணிக்கு வந்து ஞாயிறு காலை 6 மணிக்கு டூட்டி முடிப்பவர்களே, பழைய முறைப்படி நீங்கள் திங்கள் பகல் 2 மணிக்கு வர வேண்டியது. இந்த வாரம் முதல் திங்கள் காலை 6 மணிக்கு வர வேண்டும். உங்கள் பஸ் நேரமும் மாறுகிறது." பஸ் எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு என்பது கீழே இருக்கட்டும். ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் அதே தாள் ஒடியாவிலும் இந்தியிலும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு அங்கேயே போய் வாசித்துக் காட்டலாம்.

நிலையாணைகளில் முன்பே வகுக்காத ஷிப்ட் மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம். 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அதே 21 நாளை வைத்திருக்கிறது. தாளை ஒட்டிவிட்டுக் காத்திருக்க அல்ல அந்த மூன்று வாரம். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு ஷிப்டிலும், டூட்டி நேரத்துக்குள், மேஸ்திரி தன் ஆட்களிடம் பேசட்டும். "ரெண்டு மணிக்கு வந்தா காலையில கொழந்தைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வருவேன், ஆறு மணின்னா யாருங்க அனுப்புவா?" என்று ஒரு அக்கா கேட்பார். பதில் மேஸ்திரி கையில் இல்லையென்றால், "நாளைக்குக் கேட்டுச் சொல்றேங்க" என்று அவர் பெயரைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே ஷிப்டில் போய்ச் சொல்ல வேண்டும்.