குடலடைப்பு

குடலடைப்பு என்பது சிறுகுடலிலோ பெருங்குடலிலோ ஏதேனும் ஓரிடத்தில் வழி அடைபட்டு, உணவும் நீரும் வாயுவும் அதைத் தாண்டிச் செல்ல முடியாமல் தேங்கும் நிலையாகும். வயிறு உப்புதல், விட்டு விட்டு வரும் வலி, வாந்தி, மலமும் வாயுவும் பிரியாமை ஆகியவை இதன் முதன்மை அறிகுறிகள். அஜீரணத்திலும் மலச்சிக்கலிலும் இவற்றில் ஒன்றிரண்டு தென்படும். அதனால்தான் குடலடைப்பு பல வீடுகளில் முதல் நாள் முழுவதும் ‘வாயுத் தொல்லை’ என்றே கருதப்படுகிறது. அந்த ஒரு நாள் சிலருக்குக் குடலின் ஒரு பகுதியையே இழக்கச் செய்துவிடும்.

பெருங்குடலில் அடைப்பு ஏற்படப் புற்றுநோயும் குடல் முறுக்கிக்கொள்வதும் முக்கியக் காரணங்கள். சிறுகுடலில் குடலிறக்கம் (ஹெர்னியா), குடல் காசநோயால் வரும் சுருக்கம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் பெரியவர்களிடம் அடிக்கடி காணப்படுவது, முன்பு எப்போதோ செய்த வயிற்று அறுவை சிகிச்சையின் பின்விளைவாக வரும் அடைப்பே. இக்கட்டுரை பெரிதும் அதைப் பற்றியது.

பழைய அறுவையும் புதிய அடைப்பும்

வயிற்றைத் திறந்து அறுவை செய்தபின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு ஆறும்போது, அடுத்தடுத்துள்ள உறுப்புகளுக்கிடையே நார் போன்ற இழைகள் உருவாகலாம். தோலில் தழும்பு விழுவதைப் போன்றதே இதுவும். அறுவை செய்தவரின் பிழை என்று கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு இந்த இழைகளால் எந்தத் தொல்லையும் வருவதில்லை. சிலருக்கு மட்டும், குடலின் ஒரு வளைவு இழைக்கு அடியில் சிக்கி மடங்கிவிடுகிறது. இது அறுவைக்குப் பின் சில வாரங்களிலும் நிகழலாம், 20 ஆண்டுகள் கழித்தும் நிகழலாம். ‘அது பழைய கதை, இப்போதைய வலிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?’ என்று நோயாளி எண்ணி, மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவதும் உண்டு.

அடைப்பு ஏற்பட்டபின் வயிறு உப்புவது சாப்பிட்ட உணவால் மட்டுமன்று. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் சுரப்பு ஆகியவற்றுடன் குடிக்கும் நீரையும் சேர்த்தால், ஒரு நாளில் ஏறத்தாழ 8 லிட்டர் திரவம் குடலுக்குள் வருகிறது. நலமான உடல் இதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அடைப்புக்கு மேலே இந்த உறிஞ்சுதல் குறைந்து திரவம் தேங்குகிறது. ஆகவே பட்டினி கிடந்தாலும் வயிறு பெருத்துக்கொண்டே போகும். தேங்கிய நீர் உடலுக்குள்ளேயே இருந்தும் இரத்தத்துக்குப் பயன்படாததால், நாக்கு வறளும், சிறுநீர் குறையும், நாடி வேகமாகத் துடிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

12 ஆண்டுகளுக்கு முன் கருப்பை நீக்க அறுவை செய்துகொண்ட 55 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இரவு உணவுக்குப் பின் தொப்புளைச் சுற்றிப் பிடித்து முறுக்குவது போன்ற வலி தொடங்குகிறது. அரை நிமிடம் உச்சத்துக்குச் சென்று தணிகிறது; சில நிமிடங்களில் மீண்டும் வருகிறது. அடைப்பைத் தள்ளிவிடக் குடல் தசை அலை அலையாக இறுகுவதே இந்த விட்டு விட்டு வரும் வலிக்குக் காரணம். நள்ளிரவில் சாப்பிட்டது வாந்தியாகிறது. பின்னர் வருவது பச்சை கலந்த மஞ்சள் நிறப் பித்தநீர்.

விடியற்காலையில் ஒருமுறை மலம் கழிகிறது. ‘வயிறு போய்விட்டது, இனிச் சரியாகிவிடும்’ என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலமே அது. அது வெளியேறியதால் வழி திறந்துவிட்டதாகப் பொருளில்லை. அதற்குப் பிறகு வாயுவாவது பிரிகிறதா என்பதையே கவனிக்க வேண்டும். இவருக்குக் காலை முழுவதும் வாயு பிரியவில்லை. புடவைக் கட்டு இறுகும் அளவுக்கு வயிறு உப்புகிறது. நண்பகலில் வாந்தி பழுப்பு நிறமாகி மலத்தைப் போல நாறுகிறது. அப்படி வந்தால் அடைப்பு சிறுகுடலின் கீழ்ப்பகுதியில், பல மணி நேரமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

அறிகுறிகள் எல்லோருக்கும் இதே வரிசையில் வருவதில்லை. சிறுகுடலின் தொடக்கத்தில் அடைபட்டால் வாந்தி முந்திக்கொள்ளும், வயிறு அவ்வளவாக உப்பாது. பெருங்குடலில் அடைபட்டால் உப்புதலும் மலம் நிற்பதும் முதலில் வரும்; வாந்தி தாமதமாகவே வரும், வராமலும் இருக்கலாம். எனவே எல்லா அறிகுறிகளும் சேரட்டும் என்று காத்திருப்பது தவறு.

மிக முக்கியமான மாற்றம் வலியின் தன்மையில் நிகழ்வதாகும். விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறி, வயிற்றைத் தொட்டாலே துடிக்கும் நிலை வந்தால், சிக்கிய குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கலாம். காய்ச்சலும் படபடப்பும் உடன் சேரலாம். அதன்பின் சில மணி நேரத்தில் குடல் அழுகி ஓட்டை விழக்கூடும். அதேபோல், படுத்தால் உள்ளே சென்றுவிடும் குடலிறக்கப் புடைப்பு திடீரென உள்ளே போகாமல் கெட்டியாகி வலித்தாலும் அது அவசர நிலையே. வயதானவர்கள் கூச்சத்தால் இடுப்புக் கவட்டிப் புடைப்பை மறைத்துவிடுவதால், வீட்டார் தாமே கேட்டறிவது நல்லது.

செய்யக்கூடாதவையும் மருத்துவமனையில் நடப்பதும்

இந்நிலையில் விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுத்தால், மூடிய வழிக்கு எதிராகக் குடல் இன்னும் கடுமையாக இறுகும். வீட்டில் இனிமா கொடுப்பதும் கூடாது. ஓம நீர், சோடா, கஞ்சி எதுவாயினும் உள்ளே செல்வது வாந்தியாகவே திரும்பும். மூச்சுக்குழாயில் புகுந்துவிடும் ஆபத்தும் உண்டு. வலி ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினால் சில மணி நேரம் வலி மறைந்திருக்கும், அடைப்பு அப்படியே இருக்கும். வாய்வழியாக எதுவும் தராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும். அவசர ஊர்திக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்களை அழைக்கலாம்.

மருத்துவமனை என்றவுடன் அறுவைதான் என்று அஞ்சிச் சிலர் தயங்குகிறார்கள். பழைய அறுவையின் இழைகளால் வரும் அடைப்பில், இரத்த ஓட்டம் தடைபடாதவரை, பலருக்கு அறுவையின்றியே வழி திறந்துவிடுகிறது. மூக்கின் வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டுத் தேங்கிய நீரை வெளியேற்றுவார்கள். அதிலேயே வலியும் வாந்தியும் வெகுவாகத் தணியும். இழந்த நீரும் உப்புகளும் நரம்பு வழியே ஏற்றப்படும். எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் அடைப்பின் இடத்தைக் காட்டும். பின்னர் பொதுவாக 3 நாள் வரை கண்காணித்து, வாயு பிரியத் தொடங்கினால் மெல்ல நீராகாரம் தருவார்கள். வழி திறக்கவில்லை என்றாலோ, வலி விடாததாக மாறினாலோ அறுவை செய்யப்படும். குடல் இன்னும் உயிரோடு இருந்தால் இழையை வெட்டி விடுவித்தால் போதும். கருத்துப் போயிருந்தால் அப்பகுதியை நீக்கி இரு முனைகளையும் இணைக்க வேண்டியிருக்கும்.

குழந்தைகளின் நிலை வேறு. பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும், கைக்குழந்தை விட்டு விட்டு வீறிட்டுக் காலை மடக்கி அழுது, இரத்தமும் சளியும் கலந்து மலம் கழித்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

ஒருமுறை இழைகளால் அடைப்பு வந்தவருக்கு அது மீண்டும் வரலாம். அறுவை செய்தாலும் புதிய இழைகள் உருவாகலாம். ஆகவே மருத்துவமனையில் தரும் வெளியேற்றச் சுருக்கத்தைப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை முறுக்கு வலி தொடங்கியதும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எந்த ஆண்டு, என்ன அறுவை, கடைசியாக வாயு பிரிந்தது எப்போது என்ற 3 கேள்விகளையே பணியிலிருக்கும் மருத்துவர் முதலில் கேட்பார்.