கூட்டப் பதிவை எங்கே வெட்டுவது?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. இப்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது ஒருவர் செல்பேசியில் பதிவு செய்துவிடுகிறார். தீர்மானப் புத்தகத்தில் நான்கு வரியாகச் சுருங்கிப்போகும் விவாதம் அந்தப் பதிவில் முழுதாக இருக்கும். யார் கேட்டார், தலைவர் என்ன பதில் சொன்னார், எந்தத் தேதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒன்றே முக்கால் மணி நேரப் பதிவை உட்கார்ந்து கேட்டு, நிறுத்தி நிறுத்தி எழுதுவதற்கு ஒரு முழு நாள்கூடப் போதாது. அதனால் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளிடம் கோப்பை அப்படியே கொடுத்துவிடுகிறோம். திரும்பி வருவதில் நடுநடுவே ஓட்டை இருக்கும், ஒரே வாக்கியம் பத்து முறை வந்திருக்கும், பேசியவர் யாரென்று தெரியாது. மென்பொருளுக்குத் தமிழ் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு பதிவை வெட்டிய விதத்தில் இருக்கிறது.

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் இலவசமாக வெளியிட்ட ‘விஸ்பர்’ மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். நம் கணினியிலேயே வைத்து ஓட்டலாம் என்பதால் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு நீளமான ஒலியைக் கொடுத்தாலும் அது 30 நொடி ஜன்னல்களாகத்தான் கேட்கும். ஒரு ஜன்னலில் கேட்டதை எழுத அதற்கு 224 ‘டோக்கன்’ வரைதான் இடம். டோக்கன் என்பது எழுத்துத் துணுக்கு. ஆங்கிலத்தில் ஒரு முழுச் சொல்லே பெரும்பாலும் ஒரு டோக்கனுக்குள் அடங்கிவிடும். தமிழில் ஓர் எழுத்துக்கே ஒன்றுக்கு மேல் செலவாகலாம். ஆங்கிலத்தில் 30 நொடிப் பேச்சு இந்த இடத்துக்குள் தாராளமாக அடங்கும். வேகமாகப் பேசும் ஒருவரின் தமிழுக்கு அந்த இடம் பாதியிலேயே தீர்ந்துவிடக்கூடும். தீர்ந்ததும் மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தராமல் அடுத்த ஜன்னலுக்குப் போய்விடலாம். பேச்சின் பிற்பாதி எழுத்தில் வராமலே போகும். தமிழ்ப் பதிவுகளில் காரணம் தெரியாமல் விழும் பல ஓட்டைகளுக்கு இதுவே மூலம்.

இன்னொரு சிக்கல் நம் மொழியின் இயல்பிலேயே இருக்கிறது. வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகின்றன. ‘கீழத்தெருவுல போர் போடல’ என்பது குறை. ‘கீழத்தெருவுல போர் போடலாம்’ என்பது ஒப்புதல். கத்தி ‘போடலா’ என்ற இடத்தில் விழுந்தால் தீர்மானமே தலைகீழாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு 30 நொடிக்கு ஒரு முறை வெட்டினால் 1 மணி 48 நிமிடப் பதிவில் 215 இடங்களில் கத்தி விழும். அவற்றில் எத்தனை ஒரு வினையின் நடுவே விழும் என்பதை நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே பேசுபவர் மூச்சு விடும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டும் 20 நொடிக்குள் இருந்தால் டோக்கன் சிக்கலும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அந்த 1 மணி 48 நிமிடப் பதிவை ஒரு கிராம சபைப் பதிவாக வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம். பள்ளிக்கூட வளாகத்தில் நடந்த கூட்டம். மேலே மூன்று மின்விசிறிகள், மேசையில் ஒரு மைக், மூலையில் ஒலிபெருக்கி. முதல் வேலை, செல்பேசிக் கோப்பை ஒற்றை ஒலித்தடமாக, நொடிக்கு 16,000 மாதிரிகள் கொண்ட வேவ் கோப்பாக மாற்றுவது. விஸ்பர் உள்ளுக்குள் பயன்படுத்தும் வடிவம் இதுதான். வேவ் கோப்பில் எந்த நொடியைக் கேட்டாலும் துல்லியமாக அங்கே போய் நிற்கும் என்பது இன்னொரு வசதி. ‘ஹைபாஸ்’ வடிகட்டி விசிறியின் தாழ்ந்த இரைச்சலைக் கொஞ்சம் குறைத்துக்கொடுக்கும்.

```
ffmpeg -i sabha.m4a -ac 1 -ar 16000 -af highpass=f=100 sabha.wav
```

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில பதிவுச் செயலிகளில் ‘மௌனத்தைத் தவிர்’ என்றொரு வசதி உண்டு. அது இயங்கியிருந்தால் கோப்பின் நேரமும் கடிகார நேரமும் ஒத்துப்போகா. கூட்டத்துக்கு முன்பே அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது மௌனத்தைத் தேடுவது. எஃப்எஃப்எம்பெக் கருவியில் அதற்கு ஒரு வடிகட்டி இருக்கிறது. எந்த அளவுக்குக் கீழே போனால் மௌனம் என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களைப் பார்த்து -35 டெசிபல் என்று போட்டால் நம் பதிவில் ஒரு மௌனம்கூடக் கிடைக்காது. விசிறிச் சத்தமே அதற்கு மேலே இருக்கிறது. அதனால் யாருமே பேசாத நான்கு நொடிகளைத் தேடி, அங்கே சத்தம் எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டும்.

```
ffmpeg -ss 95 -t 4 -i sabha.wav -af volumedetect -f null -
```

திரையில் mean_volume, max_volume என்று இரண்டு எண்கள் வரும். பலரும் சராசரியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மௌனம் தேடும் வடிகட்டி ஒலியின் ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒரே ஒரு மாதிரி எல்லையைத் தாண்டினாலும் மௌனம் அங்கே முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளும். ஆகவே நமக்கு வேண்டியது உச்ச அளவு. நம் பதிவில் சராசரி -41, உச்சம் -29 என்று வைத்துக்கொண்டால், எல்லையை -28 என வைக்கலாம்.

```
ffmpeg -i sabha.wav -af silencedetect=noise=-28dB:d=0.5 -f null -
```

கடைசியில் இருக்கும் 0.5 என்பது, அரை நொடியாவது நீடிக்கும் மௌனத்தை மட்டும் காட்டச் சொல்கிறது. நிறைய வெட்டுமிடம் கிடைக்கட்டும் என்று இதை 0.1 ஆக்கிவிடக் கூடாது. ‘கட்டடம்’, ‘தப்பு’ போன்ற சொற்களில் வல்லினம் இரட்டிக்கும்போது வாய் மூடி ஒலி ஒரு கணம் அற்றுப்போகிறது. அந்தக் கணம் நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். கருவி அதையும் மௌனம் என்று எண்ணி, ‘தப்’ என்று ஒரு துண்டும் ‘பு’ என்று ஒரு துண்டும் தரும். யாரோ மூச்சுவிடாமல் 40 நொடி பேசுகிறார் என்றால், அந்த ஓர் இடத்துக்கு மட்டும் எல்லையை 0.3 ஆகக் குறைத்துத் தேடிக்கொள்ளலாம்.

கிடைத்த மௌனங்களின் நட்டநடுவே வெட்ட வேண்டும். விளிம்பில் வெட்டினால் சொல்லின் வால் போய்விடும். துண்டின் பெயராக, அது முழுப் பதிவில் எந்த நொடியில் தொடங்குகிறதோ அந்த எண்ணையே வைத்துவிடுவது நல்லது. பின்னால் நேரக் குறிப்புப் போடும்போது தனிப் பட்டியல் தேட வேண்டியதில்லை.

```
ffmpeg -ss 4327.4 -to 4346.1 -i sabha.wav -c copy 4327.4.wav
```

இந்தத் துண்டின் நீளம் 18.7 நொடி. விஸ்பரிடம் கொடுக்கும்போது மொழி தமிழ் என்று நாமே சொல்லிவிட வேண்டும். சிறிய துண்டில் மொழியை அதன் ஊகத்துக்கு விட்டால், ‘ஆக்‌ஷன் பிளான் அப்ரூவல் ஆயிடுச்சு’ என்ற வரியைக் கேட்டு ஆங்கிலம் என்று முடிவு செய்துவிடக்கூடும்.

```
model.transcribe("4327.4.wav", language="ta", task="transcribe")
```

துண்டுக்குள் 6.2 நொடியில் ஒரு வாக்கியம் தொடங்குவதாக அது சொல்கிறது. 4327.4 உடன் 6.2 சேர்த்தால் 4333.6. அதாவது கூட்டம் தொடங்கி 1 மணி 12 நிமிடம் 13.6 நொடி. நேரக் குறிப்பு வேலை இந்த ஒரு கூட்டலில் முடிந்துவிடுகிறது. கூட்டாமல் விட்டால் எல்லா வாக்கியங்களும் முதல் இருபது நொடிக்குள் பேசப்பட்டவையாகக் குவிந்து கிடக்கும்.

பேசியவரைப் பிரிக்கும் வேலையில் நேர்மாறான விதி. இதற்குத் துண்டுகளைக் கொடுக்கவே கூடாது, முழுப் பதிவையும் ஒரே மூச்சில் கொடுக்க வேண்டும். ‘பையனோட்’ போன்ற கருவிகள் யாரையும் பெயரால் அறியா. குரல்களின் சாயலை எண்களாக்கி, ஒத்த சாயல்களை ஒரு கூட்டில் சேர்த்து SPEAKER_00, SPEAKER_01 என்று சீட்டு ஒட்டும். துண்டு துண்டாகக் கொடுத்தால் ஒவ்வொரு துண்டிலும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். முதல் துண்டில் 00 என்பது தலைவராகவும், அடுத்ததில் அதே 00 பின்வரிசையில் இருக்கும் பெண்ணாகவும் இருப்பார்கள். முழுப் பதிவையும் கொடுத்தால் சீட்டு கடைசி வரை ஒருவருக்கே உரியதாக நிற்கும். கிடைக்கும் வரி இப்படி இருக்கும்:

```
SPEAKER sabha 1 4333.40 5.50 <NA> <NA> SPEAKER_03 <NA> <NA>
```

4333.4இல் தொடங்கி 5.5 நொடி பேசியவர் 03. நம் வாக்கியம் 4333.6இல் தொடங்கி 4338.2இல் முடிகிறது. இந்த இடைவெளிக்குள் முழுதாக அடங்குவதால் அது 03 பேசியது. ஒரு வாக்கியம் இரண்டு பேரின் நேரத்தில் கால் வைத்தால், அதிக நேரம் யாருடன் ஒட்டுகிறதோ அவர் பெயரில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவது என் வழக்கம்.

கருவி எங்கே ஏமாறும் என்று தெரிந்திருப்பது அவசியம். ‘ஆமா’, ‘சரிங்க’ போன்ற ஒரு நொடிக்குள் முடியும் குரல்களில் சாயல் பிடிபடாது. அவை யார் பெயரிலாவது போய்ச் சேரும். அதைவிடப் பெரிய தொல்லை ஒலிபெருக்கி. மேசை மைக்கில் தலைவரும் ஊராட்சிச் செயலரும் மாறி மாறிப் பேச, செல்பேசி ஒலிபெருக்கிப் பக்கத்தில் கிடந்தால், இருவர் குரலிலும் பெட்டியின் சாயல் ஏறிவிடும். கருவி இருவரையும் ஒருவராக்கக்கூடும். ஒரு சீட்டுக்கு மட்டும் நம்ப முடியாத அளவு நீண்ட நேரம் விழுந்திருந்தால் அங்கே இது நடந்திருக்கிறதா என்று பாருங்கள். செல்பேசியைப் பெட்டியிலிருந்து விலக்கி மேசை மேல் வைப்பதுதான் மருந்து. பெயரைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு சீட்டிலும் மிக நீளமான பேச்சை மட்டும் கேட்டால் போதும். ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ‘இது மேலத்தெரு அக்கா’ என்று உடனே சொல்லிவிடுவார்.

சரிபார்க்கும்போது எல்லாவற்றையும் மறுபடி கேட்க வேண்டியதில்லை. துண்டின் நீளத்தையும் எழுத்தின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 18 நொடிக்கு இரண்டே சொல் இருந்தால் பேச்சு விடுபட்டிருக்கலாம். 4 நொடிக்குள் ஐம்பது சொல் இருந்தால் விஸ்பர் மௌனத்தைக் கேட்டுவிட்டு ஒரே வரியைச் சுழற்றியிருக்கிறது. இப்படிச் சந்தேகமான துண்டுகளையும், ‘-ல’, ‘-லாம்’, ‘மாட்டோம்’ என்று முடியும் வரிகளையும், ரூபாய்த் தொகை வரும் இடங்களையும் காதால் கேட்டே தீர வேண்டும். தீர்மானமாகப் பதிவாகும் வரி எதுவாக இருந்தாலும் இரண்டு பேர் கேட்கட்டும்.

```
[01:12:07] தலைவர்: சரி, கீழத்தெரு விஷயத்துக்கு வருவோம்.
[01:12:13] மேலத்தெரு பெண்: போன வருஷமே சொன்னீங்க, இன்னும் போர் போடல.
[01:12:19] செயலர் (?): எஸ்டிமேட் போயிருக்குங்க.
```

நிதி பேச்சு வந்ததும் கூட்டத்தில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் குரல் உயர்த்துவார்கள். விஸ்பர் அதில் உரக்கக் கேட்கும் ஒரு குரலை மட்டும் எழுதும், அல்லது இல்லாத வாக்கியம் ஒன்றை எழுதிவைக்கும். அந்த வரியை அடித்துவிட்டு ‘[01:31:40 முதல் 01:32:25 வரை பலர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்]’ என்று எழுதி, அந்த 45 நொடி ஒலியைத் தனிக் கோப்பாக ஆவணத்துடன் சேர்த்து வையுங்கள்.