ஒரு ஃபோல்டர் பெயர் மாறினால் மற்ற கணினிகளில் என்ன நடக்கிறது?

கல்யாணப் படம் எடுக்கும் ஒரு ஸ்டுடியோவை எடுத்துக்கொள்வோம். கடையில் ஒரு கணினி, படம் எடுப்பவர் கையில் ஒரு லேப்டாப், ஆல்பம் வடிவமைப்பவர் வீட்டில் இன்னொரு கணினி. மூன்றும் ஒரே கிளவுட் கணக்கில் சிங்க் ஆகின்றன. ‘மதுரை கல்யாணம்’ என்ற ஃபோல்டரில் 1,800 படங்கள், மொத்தம் 40 ஜிபி. அதே ஊரில் இன்னொரு கல்யாணமும் வந்துவிட்டதால், கடையில் இருப்பவர் முதல் ஃபோல்டரின் பெயரை ‘மதுரை ஜூன் 12’ என்று மாற்றுகிறார். சற்று நேரத்தில் லேப்டாப்பிலும் வடிவமைப்பவரின் கணினியிலும் பெயர் மாறிவிடுகிறது. படங்கள் மறுபடி இறங்கவில்லை. வட்டில் எந்தப் படமும் இடம்பெயரவில்லை. மேலே இருந்த ஒரு பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

எல்லாம் சரியாக நடந்தால் இப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வடிவமைப்பவரின் கணினிக்கு வந்து சேரும் செய்தி ‘இந்த ஃபோல்டரின் பெயர் மாறியது’ என்பதாக இருக்க வேண்டும். ‘பழைய ஃபோல்டர் போய்விட்டது, புதிதாக ஒன்று வந்திருக்கிறது’ என்று வந்தால் கதையே வேறு. கடைசியில் கண்ணுக்குத் தெரிவது இரண்டிலும் ஒன்றுதான். நடுவில் நேரக்கூடியவைதான் வேறு வேறு.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், சிங்க் மென்பொருள் ஒரு ஃபோல்டரை எதை வைத்து அடையாளம் காண்கிறது என்பதில். வீடு மாறினாலும் பெயரைத் திருத்தினாலும் ஒருவரின் ஆதார் எண் மாறுவதில்லை அல்லவா? கூகுள் டிரைவ் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் அப்படி ஒரு எண்ணைக் கொடுத்துவிடுகிறது. அதை நாமே பார்க்கலாம். உலாவியில் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் முகவரிப் பட்டையில் `folders/` என்பதற்குப் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கோவை ஒன்று இருக்கும். பெயரை எத்தனை முறை மாற்றினாலும், வேறு ஃபோல்டருக்குள் கொண்டுபோய் வைத்தாலும் அந்தக் கோவை அப்படியே இருக்கும். யாருக்காவது அனுப்பிய இணைப்பு பெயர் மாறிய பிறகும் வேலை செய்வது இதனால்தான். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்களை கூகுள் டிரைவ் அனுமதிப்பதற்கும் இதுவே காரணம். அதன் கணக்கில் பெயர் என்பது ஒட்டிவைத்த சீட்டு மட்டுமே.

சர்வரில் எண் இருக்கிறது, சரி. கடையில் உள்ள கணினி அந்த மாற்றத்தை எப்படிக் கவனிக்கிறது? சிங்க் மென்பொருள் தன் ஃபோல்டரைக் கண்காணிக்கும்படி விண்டோஸிடம் சொல்லி வைத்திருக்கும். இருந்த இடத்திலேயே பெயர் மாறினால், பழைய பெயர் இது, புதுப் பெயர் இது என்று விண்டோஸ் தெளிவாகச் சொல்லிவிடும். ஒரு ஃபோல்டரை இழுத்து இன்னொன்றுக்குள் போட்டால் அவ்வளவு தெளிவு இல்லை. ‘இங்கே ஒன்று அகற்றப்பட்டது’, ‘அங்கே ஒன்று சேர்ந்தது’ என்று தனித்தனியாக இரண்டு செய்திகள் வரும். அவை இரண்டும் ஒரே ஃபோல்டரைப் பற்றியவை என்பதைச் சிங்க் மென்பொருள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு உதவுவது, வட்டில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் இயங்குதளம் தந்திருக்கும் உள் எண். ஒரே வட்டுக்குள் இடம் மாறினால் அந்த எண் மாறாது. மென்பொருள் அணைந்திருந்தபோது யாராவது பெயரை மாற்றியிருந்தாலும், மறுபடி இயங்கும்போது அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து உண்மையைப் பிடித்துவிட முடியும். வேறு வட்டுக்குக் கொண்டுபோனால் மட்டும் இந்த வழி அடைபடும். அங்கே நடப்பது நகர்த்தல் அல்ல. நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிப்பது.

டிராப்பாக்ஸின் வரலாறு இங்கே பயனுள்ள பாடம். அதன் பழைய சிங்க் மென்பொருள் ஃபைல்களை அடையாள எண்ணால் அறியவில்லை, முழுப் பாதையால்தான் அறிந்தது. ஃபோல்டர் இடம் மாறினால், பழைய பாதையில் இருந்த ஒவ்வொன்றும் அழிந்தது, புதிய பாதையில் ஒவ்வொன்றும் சேர்ந்தது என்று சர்வருக்குச் சொல்லும். நம் கணக்கில், ஒரு பெயர் மாற்றத்துக்கு 1,800 அழிப்புகள், 1,800 சேர்ப்புகள். படங்களை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கவில்லை என்பது உண்மை. ஃபைல்களை 4 எம்பி துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகைக் குறி வைத்திருந்ததால், அந்தத் துண்டுகள் சர்வரில் ஏற்கெனவே இருப்பது தெரிந்துவிடும். ஆபத்து வேறிடத்தில் இருந்தது. அழிப்புச் செய்தி போய்ச் சேர்ந்து, சேர்ப்புச் செய்தி போகும் முன் இணையம் துண்டித்தால் என்ன ஆகும்? கடைக்காரர் இடம் மாற்ற மட்டுமே செய்திருப்பார். வடிவமைப்பவரின் கணினியிலோ படங்கள் காணாமல் போயிருக்கும். இணையம் திரும்பும்வரை அவருக்கு அது அழிப்பாகவேதான் தெரியும். நிறுவனத்தின் பொறியாளர்களே இந்தக் குறையை 2020 மார்ச்சில் வெளிப்படையாக எழுதினார்கள். ரஸ்ட் மொழியில் முழுவதும் புதிதாக எழுதிய மென்பொருளில் ஒவ்வொன்றுக்கும் மாறாத எண் தந்து, எவ்வளவு பெரிய ஃபோல்டரானாலும் பெயர் மாற்றம் என்பது ஒரே ஒரு திருத்தமாகும்படி செய்தார்கள்.

அந்தப் புதிய மென்பொருள் ஒவ்வொரு கணினியிலும் மூன்று பட்டியல்களை வைத்திருக்கிறது. சர்வரில் இப்போது என்ன இருக்கிறது, இந்த வட்டில் இப்போது என்ன இருக்கிறது, இரண்டும் கடைசியாக ஒத்துப்போனபோது என்ன இருந்தது. இந்த மூன்றாவது பட்டியல்தான் உயிர்நாடி. அது இல்லாவிட்டால், சர்வரில் ஒரு பெயரும் வட்டில் வேறு பெயரும் இருக்கும்போது மாற்றியது யார் என்று சொல்லவே முடியாது.

மண்டபத்தில் இருக்கும் லேப்டாப்பை வைத்து இதைப் பார்க்கலாம். அங்கே இணையம் இல்லை. கடையில் பெயர் மாறிய அதே நேரத்தில், லேப்டாப்பில் ‘மதுரை கல்யாணம்’ ஃபோல்டருக்குள் ஒரு படத்தைத் திருத்திச் சேமிக்கிறார்கள். இரவு வீட்டுக்கு வந்ததும் இணையம் கிடைக்கிறது. லேப்டாப் மூன்று பட்டியல்களையும் ஒப்பிடுகிறது. சர்வரில் ஃபோல்டர் பெயர் மாறியிருக்கிறது, வட்டில் ஒரு படத்தின் உள்ளடக்கம் மாறியிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. லேப்டாப்பில் ஃபோல்டர் ‘மதுரை ஜூன் 12’ ஆகிறது, திருத்திய படம் அதற்குள்ளிருந்தே சர்வருக்குப் போகிறது. பாதையை மட்டும் நம்பும் மென்பொருளாக இருந்தால் முடிவு வேறு. பழைய பாதையில் ஒரு ஃபைல் மாறியிருக்கிறது, ஆனால் அந்தப் பாதையே சர்வரில் இல்லை. திருத்தத்தை இழக்கக் கூடாது என்பதற்காக அது ‘மதுரை கல்யாணம்’ ஃபோல்டரை மறுபடி உண்டாக்கி, அந்த ஒரே ஒரு படத்தை அதில் வைக்கும். அடுத்த நிமிடம் அந்த ஃபோல்டர் மற்ற கணினிகளிலும் தோன்றும்.

அழித்த பெயர் திரும்பி வந்து நிற்கும் இந்தக் காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். எண்ணை வைத்து நடக்கும் சேவைகளிலும் இது நேரும், வேறு வழியாக. வடிவமைப்பவரின் கணினியில் அந்த ஃபோல்டருக்குள் ஒரு ஃபைல் திறந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் விண்டோஸ் மேலே உள்ள ஃபோல்டரின் பெயரை மாற்ற விடாது. சிங்க் மென்பொருள் காத்திருந்து மறுபடி முயலும். அந்தக் கணினியில் மட்டும் பழைய பெயரே நிற்கும், சிங்க் சின்னம் சுழன்றுகொண்டே இருக்கும். ஃபைலை மூடினால் சரியாகிவிடும். இன்னொரு வகையில், ஸ்கேனரோ, கேமராவிலிருந்து நேரே படம் இறக்கும் நிரலோ பழைய பாதையைத் தன் அமைப்பில் எழுதி வைத்திருக்கும். சில நிரல்கள் அந்தப் பாதை இல்லையென்றால் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும். அதன் பிறகு வரும் படங்கள் எல்லாம் பழைய பெயரிலேயே சேர்ந்துகொண்டு போகும்.

ஆகவே திரும்பி வந்த ஃபோல்டரைப் பார்த்ததும் அழித்துவிடக் கூடாது. அதைத் திறந்து, உள்ளே எந்த ஃபைல் இருக்கிறது, அது எப்போது திருத்தப்பட்டது என்று பார்க்க வேண்டும். எத்தனையோ தடவை, அன்றைய வேலையின் கடைசிப் பிரதி அங்கேதான் இருக்கும். அதைப் புதிய ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, காலியான பிறகே அழிக்கலாம். உண்மையிலேயே பெயர் மட்டும்தான் மாறியதா என்று சந்தேகம் வந்தால், விண்டோஸில் ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து `Properties` திறந்து, அது உருவான தேதியைப் பாருங்கள். பெயர் மட்டும் மாறியிருந்தால் பழைய தேதியே இருக்கும். அழித்துப் புதிதாக வந்திருந்தால் பெரும்பாலும் இன்றைய தேதி இருக்கும்.

சிங்க் ஒழுங்காக முடிந்தும் வடிவமைப்பவர் தொல்லைப்படக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. சிங்க் மென்பொருள் ஃபோல்டரைத்தான் மாற்றுகிறது. அந்த ஃபோல்டரை நினைவில் வைத்திருக்கும் மற்ற நிரல்களிடம் அது எதுவும் சொல்வதில்லை. லைட்ரூம் கிளாசிக் தன் கேட்டலாகில் படங்களை வைத்திருப்பதில்லை, அவை இருக்கும் பாதையைத்தான் குறித்து வைக்கிறது. கடையில் இருப்பவர் லைட்ரூமுக்குள்ளிருந்தே பெயரை மாற்றினால் கடைக் கணினியின் கேட்டலாகு சரியாக இருக்கும். வடிவமைப்பவரின் கேட்டலாகுக்கு அது தெரியாது. அவருக்கு ஃபோல்டர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி தோன்றும். படங்கள் போய்விட்டன என்று பயந்து மறுபடி இம்போர்ட் செய்தால், பழைய பதிவுகளோடு சேர்ந்திருந்த திருத்தங்கள் புதியவற்றில் வராமல் போகலாம். வலது கிளிக் செய்து `Find Missing Folder` மூலம் புதிய பெயரைக் காட்டினால் போதும், எல்லாம் திரும்பிவிடும். வேறு புத்தகத்திலிருந்து கணக்கு எடுக்கும் எக்செல் ஃபைல்களும், படங்களை இணைப்பாக வைத்திருக்கும் இன்டிசைன் பக்கங்களும் இதே மாதிரி விடுபட்டுப் போகலாம்.

சிங்க் எல்லையைத் தாண்டி வெளியே இழுப்பதுதான் எல்லாவற்றிலும் கனமான மாற்றம். கடைக் கணினியில் இடம் ஒழுங்கு செய்பவர், முடிந்துபோன கல்யாணத்தின் ஃபோல்டரை டெஸ்க்டாப்புக்கோ வெளி வட்டுக்கோ நகர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த டெஸ்க்டாப் சிங்க்கில் இல்லை. அவரைப் பொறுத்தவரை படங்கள் பத்திரமாக இருக்கின்றன, கைக்கு எட்டும் தூரத்தில். சர்வரின் பார்வையில் அவை போய்விட்டன. அதனால் லேப்டாப்பிலிருந்தும் வடிவமைப்பவரின் கணினியிலிருந்தும் நீக்கப்படும். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கின் ஃபோல்டருக்குள் நகர்த்தினாலும் முதல் கணக்குக்கு அது அழிப்புதான்.

இப்படிப் போனவை சேவையின் குப்பைத் தொட்டியில் சில காலம் இருக்கும். கூகுள் டிரைவிலும் தனிநபர் ஒன்டிரைவ் கணக்கிலும் 30 நாள், அலுவலக ஒன்டிரைவில் வழக்கமாக 93 நாள். வடிவமைப்பவர் தன் கணினியில் படங்கள் இல்லை என்று கண்டதும் முதலில் செய்ய வேண்டியது, உலாவியில் அந்தக் கணக்கைத் திறந்து இந்தத் தொட்டியைப் பார்ப்பது. அங்கிருந்து மீட்டால் ஃபோல்டர் பழைய இடத்துக்கே திரும்பி, மூன்று கணினிகளிலும் மறுபடி வந்துவிடும். கடைக்காரர் வெளியே எடுத்த பிரதியும் அவரிடம் தனியாக இருக்கும். அதை அவர் திரும்பவும் சிங்க் ஃபோல்டருக்குள் இழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. போட்டால் சேவை அதைப் புது எண்ணோடு வேறொரு ஃபோல்டராக எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது 40 ஜிபி மறுபடி பயணிக்க நேரலாம், முன்பு பகிர்ந்த இணைப்புகளும் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும்.